கல்லியாசின் மாதிரியும் கனத்தின் கணக்கும்

தமிழில் ‘கனம்’ என்ற சொல்லுக்கு அன்றாட வழக்கில் எடை என்று பொருள். மூட்டை கனக்கிறது என்கிறோம். அதே சொல்லைக் கணக்கு வகுப்பில் ‘கன அடி’, ‘கனமூலம்’ என்று எழுதும்போது ஓர் எண்ணை மூன்று முறை பெருக்குவதைக் குறிக்கிறோம். கி.பி. 499இல் இயற்றப்பட்ட ஆரியபடீயத்தின் கணிதபாதத்தில் ‘கன’ என்ற சொல் இரு பொருளில் வரையறுக்கப்படுகிறது: சமமான மூன்று எண்களின் பெருக்கமும் கனம், பன்னிரண்டு விளிம்புடைய திண்ம உருவமும் கனம். எண்ணும் உருவமும் அங்கே ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. தமிழ் வழக்கில் எடையும் அவற்றோடு வந்து சேர்ந்துகொள்கிறது. மொழியியல் மாணவனாக இந்தச் சொல்லைப் பலமுறை கடந்து சென்றிருக்கிறேன். ஆனால் எடைக்கும் மும்முறைப் பெருக்கத்துக்கும் உள்ள உறவு ஒரு நகரத்தின் உயிரைப் பணயம் வைக்கக்கூடியது என்பது, ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ரூவியசின் நூலை மொழிபெயர்ப்பில் வாசித்தபோதுதான் உறைத்தது.

கி.மு. முதலாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட அந்நூல் பத்துப் பகுதிகள் கொண்டது. பத்தாம் பகுதியின் கடைசி அத்தியாயத்தில், அதாவது முழு நூலும் முடியும் இடத்தில், விட்ரூவியஸ் ரோட்ஸ் தீவின் கதை ஒன்றைச் சொல்கிறார்.

ரோட்ஸ் நகரில் டயோக்னீட்டஸ் என்ற கட்டடக் கலைஞர் இருந்தார். அவருடைய திறமையை மதித்து நகரம் தன் கருவூலத்திலிருந்து ஆண்டுதோறும் அவருக்கு ஊதியம் அளித்துவந்தது. அப்போது அராதஸ் என்ற ஊரிலிருந்து கல்லியாஸ் என்பவர் வந்தார். அவர் மக்கள் முன்னிலையில் சொற்பொழிவாற்றி ஒரு மாதிரியைக் காட்டினார். சிறிய மதில், அதன்மேல் சுழலும் ஒரு பளுதூக்கி. மதிலை நோக்கி நகர்ந்து வரும் முற்றுகைக் கோபுரத்தை அந்தத் தூக்கி பற்றி எடுத்து, மதிலுக்கு உள்ளே கொண்டுவந்து வைத்தது. கண்டவர்கள் வியந்தார்கள். டயோக்னீட்டசின் ஊதியத்தை நிறுத்தி அதைக் கல்லியாசுக்கு வழங்கினார்கள்.

கி.மு. 305இல் மாசிடோனிய அரசன் டிமெட்ரியஸ் ரோட்ஸை முற்றுகையிட்டான். ‘முற்றுகையாளன்’ என்ற பொருளில் கிரேக்கர் பட்டப்பெயர் சூட்டிய அதே டிமெட்ரியஸ்தான். ஏதென்ஸ் நகரத்து எபிமாக்கஸ் அவனுக்காக ஒரு பெருங்கோபுரம் கட்டினார். அதன் பெயர் ஹெலெபோலிஸ். நேர் பொருள் கொண்டால் ‘நகர்கொள்ளி’. விட்ரூவியஸ் தரும் அளவுகளின்படி அதன் உயரம் 125 அடி, அகலம் 60 அடி, எடை 360,000 ரோமானியப் பவுண்டு. இன்றைய அளவில் ஏறத்தாழ 37 மீட்டர் உயரமும் 118 டன் எடையும் ஆகும். மற்றப் பண்டை ஆசிரியர்கள் சற்றே வேறுபட்ட அளவுகளைத் தருகின்றனர் என்றாலும், பெருமலை போன்ற ஒன்று உருண்டு வந்தது என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

இப்போது ரோட்ஸ் மக்கள் கல்லியாசிடம் போனார்கள். நீர் காட்டிய தூக்கியை மதில்மேல் கட்டி, அதோ வருகிற கோபுரத்தைத் தூக்கி உள்ளே வையும் என்றார்கள். முடியாது என்றார் கல்லியாஸ்.

அவர் ஏமாற்றுக்காரரா? விட்ரூவியஸ் அப்படிச் சொல்லவில்லை. சில பொறிகள் சிறிய மாதிரியிலும் பெரிய வடிவிலும் ஒன்றுபோல வேலை செய்யும். சில பொறிகளுக்கு மாதிரியே கிடையாது, நேரடியாகவே கட்டவேண்டும். வேறு சில மாதிரியில் உண்மைபோலத் தோன்றி, பெரிதாக்கத் தொடங்கியதும் கலைந்துபோகும் என்று மூவகையாகப் பிரிக்கிறார். சான்றாகத் துரப்பணத்தைக் காட்டுகிறார். அரை விரல், ஒரு விரல், ஒன்றரை விரல் அகலத் துளையைத் துரப்பணத்தால் இடலாம். அதே முறையில் ஒரு கையளவுத் துளையை இட முடியாது. அரை அடித் துளையை எண்ணிப் பார்க்கவும் இயலாது. வகைப்பாடு மிகச் சரியானது. ஆனால் ஒரு பொறி எந்த வகையில் அடங்கும் என்பதை முன்கூட்டி எப்படி அறிவது? அதற்கான காரணத்தை விட்ரூவியஸ் தரவில்லை.

காரணத்தை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். கல்லியாசின் மாதிரி என்ன அளவில் இருந்தது என்ற குறிப்பு இல்லை. ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மாதிரிக் கோபுரத்தின் உயரம் இரண்டரை அடி. மேசைமேல் வைத்துக் காட்டுவதற்குத் தோதான உயரம். அதன் எடை என்ன? உயரத்தில் ஐம்பதில் ஒரு பங்கு, அகலத்தில் ஐம்பதில் ஒரு பங்கு, ஆழத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆகவே கனஅளவில் 50 × 50 × 50, அதாவது 125,000இல் ஒரு பங்கு. மரமும் இரும்பும் அதே மரமும் இரும்பும் என்றால் எடையும் அதே விகிதத்தில்தான் குறையும். 118 டன்னை 125,000ஆல் வகுத்தால் ஒரு கிலோவுக்கும் சற்றுக் குறைவு. ரோட்ஸ் மக்கள் வியந்து பார்த்தது ஒரு கிலோ எடையைத் தூக்கிய பொம்மையை.

அந்த ஒரு கிலோவைத் தாங்கியது ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள நூல் என்று கொள்வோம். அந்நூல் அறுவதற்கு முன் ஐந்து கிலோ வரை தாங்கும் என்றும் கொள்வோம். மாதிரியில் தாராளமான பாதுகாப்பு இருக்கிறது, ஐந்து மடங்கு. இப்போது எல்லாவற்றையும் ஐம்பது மடங்கு பெரிதாக்குவோம். நூல் ஐந்து சென்டிமீட்டர் தடிப்புள்ள வடமாகிறது. ஆனால் வடத்தின் வலிமை அதன் நீளத்தைப் பொறுத்ததன்று. அதை வெட்டினால் தெரியும் முகத்தின் பரப்பைப் பொறுத்தது. எத்தனை இழைகள் ஒருங்கே இழுக்கின்றன என்பதே கேள்வி. பரப்பு 50 × 50, அதாவது 2,500 மடங்கு பெருகுகிறது. ஆகவே வடம் தாங்கும் எடை ஐந்து கிலோவின் 2,500 மடங்கு, பன்னிரண்டரை டன். தூக்கவேண்டிய கோபுரமோ 118 டன். மாதிரியில் ஐந்து மடங்கு மிச்சம் இருந்த வலிமை, முழு அளவில் ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.

பொறியில் ஒரு பிழையும் இல்லை. விகிதங்கள் அணுவளவும் மாறவில்லை. விகிதங்கள் மாறாமல் இருந்ததுதான் சிக்கல். எடை மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது, அதைத் தாங்கும் வலிமை இருமடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. இரண்டுக்கும் இடையே விழும் இடைவெளி, எத்தனை மடங்கு பெரிதாக்குகிறோமோ அத்தனை மடங்கு. ஐம்பது மடங்கு பெரிதாக்கினால் வடத்தின் ஒவ்வோர் இழையும் ஐம்பது மடங்கு கூடுதல் இழுவையைத் தாங்கவேண்டும். தூக்கியின் மரக்கைக்கும், அது சுழலும் அச்சுக்கும், அதன் அடியில் உள்ள மதிலுக்கும் இதே கதிதான்.

இங்கே ஒரு வரலாற்றுக் கேள்வி எழுகிறது. கிரேக்கப் பொறியாளர்களுக்குக் கனப்பெருக்கம் தெரியாதா? நன்றாகத் தெரியும் என்பதற்கு எழுத்துச் சான்றே இருக்கிறது.

ரோட்ஸ் முற்றுகைக்குப் பின், கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் பைசாந்தியத்தைச் சேர்ந்த ஃபிலோன் கல்லெறி பொறிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அலெக்சாந்திரியாவிலும் ரோட்ஸிலும் பொறியாளர்களோடு பழகித் தாம் அறிந்தவற்றை அதில் பதிவு செய்கிறார். அக்காலக் கல்லெறி பொறியின் உயிர், விலங்கின் நரம்பாலோ மயிராலோ முறுக்கிக் கட்டிய கயிற்றுக் கட்டு. அக்கட்டு நுழையும் துளையின் குறுக்களவுதான் முழுப் பொறிக்கும் அலகு. சட்டம், கை, தண்டு எல்லாம் அந்தக் குறுக்களவின் இத்தனை மடங்கு என்று வகுக்கப்படும். துளையின் குறுக்களவை எப்படிக் கண்டுபிடிப்பது? எறியவேண்டிய கல்லின் எடையை மினா என்ற அலகில் எடுத்து, அதை நூறால் பெருக்கி, கனமூலம் கண்டு, அதோடு பத்தில் ஒரு பங்கைக் கூட்டவேண்டும். விடை விரல் கணக்கில் கிடைக்கும். கிரேக்கரின் ‘டக்டுலோஸ்’ என்ற அலகுப் பெயருக்கும் விரல் என்றுதான் பொருள்.

பத்து மினா எடையுள்ள கல் என்றால், நூறால் பெருக்க ஆயிரம், கனமூலம் பத்து, பத்தில் ஒரு பங்கு கூட்டப் பதினொரு விரல். எண்பது மினா என்றால் எண்ணாயிரம், கனமூலம் இருபது, ஆக இருபத்திரண்டு விரல். கல் எட்டு மடங்கு கனத்தால் பொறி இரு மடங்கு பெரிதாகவேண்டும். முன்னோர் தட்டுத் தடுமாறிப் பெற்ற அனுபவத்தை, அரசர்களின் ஆதரவு பெற்ற அலெக்சாந்திரியக் கைவினைஞர்கள் தொடர்ந்த சோதனைகளால் இப்படி ஒரு வாய்பாடாக்கினார்கள் என்கிறார் ஃபிலோன்.

ஆக, கல்லியாஸ் தோற்ற அதே தீவில் கனமூலம் கண்டு கட்டிய கல்லெறி பொறிகள் பொய்க்காமல் வேலை செய்தன. அவற்றைச் சிறிதாகவும் பெரிதாகவும் ஒரே விகிதத்தில் கட்ட முடிந்தது. தூக்கியைக் கட்ட முடியவில்லை. விட்ரூவியசின் முதல் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

இரு மடங்கு பெரிதாக்கிய கல்லெறி பொறியை எண்ணிப் பாருங்கள். கல் எட்டு மடங்கு கனக்கிறது. அதை எறியும் ஆற்றல் எங்கே சேமிக்கப்படுகிறது? முறுக்கிய கயிற்றுக் கட்டு முழுவதிலும், அதன் கனஅளவு முழுவதிலும். கட்டும் எட்டு மடங்கு பெருகிவிட்டதால் ஆற்றலும் எட்டு மடங்கு. கல் முன்போல் அதே வேகத்தில் புறப்படுகிறது. அந்தக் கட்டு இழுக்கும் விசையோ அதன் வெட்டுமுகப் பரப்பைப் பொறுத்தது. அது நான்கு மடங்கு. அவ்விசையைத் தாங்கும் மரச்சட்டத்தின் வெட்டுமுகமும் நான்கு மடங்கு. மும்மடி மும்மடியோடும், இருமடி இருமடியோடும் இணை சேர்ந்துகொள்கின்றன. பொறியின் சொந்த எடையும் எட்டு மடங்கு ஏறியிருக்கிறது என்பது உண்மை. அதை இடம் மாற்றுவோருக்கு அது தெரியும். ஆனால் தன் எடையைத் தூக்கி நிறுத்துவது அப்பொறியின் வேலையன்று.

பளுதூக்கியின் வேலையே எடையைத் தாங்குவதுதான். மும்மடியாக ஏறும் சுமையை இருமடியாக ஏறும் வெட்டுமுகத்தால் அது தாங்கவேண்டியிருக்கிறது. இணை பொருந்தாத இடத்தில் மாதிரி பொய் சொல்லும். எனவே ஒரு பொறியின் மாதிரியைப் பார்க்கும்போது கேட்கவேண்டிய கேள்வி, அது வேலை செய்கிறதா என்பதன்று. அதை இயக்குவது எத்தனையாவது மடியில் பெருகுகிறது, அதைத் தடுப்பது எத்தனையாவது மடியில் பெருகுகிறது என்பதே.

கிரேக்கர்களிடம் கனமூலம் இருந்தது. ஒப்பீடு இல்லை. கல்லின் எடைக்கும் துளையின் அளவுக்கும் உள்ள உறவை ஒரு தனிப் பொறியின் இலக்கணமாகக் கண்டறிந்தார்கள். எல்லாப் பொருளுக்கும் பொதுவான இலக்கணமாக அதை எழுதுவதற்கு இன்னும் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் ஆயின.

1638இல் லெய்டன் நகரில் கலிலியோவின் கடைசி நூல் அச்சாயிற்று. இரண்டு புதிய அறிவியல்களைப் பற்றிய உரையாடல் நூல் அது. வீட்டுக் காவலில், பார்வை மங்கிய நிலையில் இருந்த முதியவரின் படைப்பு. அது வெனிஸ் நகரத்துக் கப்பல் கட்டும் துறையில் தொடங்குகிறது. பெரிய கப்பலைக் கடலில் இறக்கும்போது, சிறிய கப்பலுக்குத் தேவைப்படாத அளவு முட்டுக்களையும் தாங்கல்களையும் ஏன் கொடுக்கிறார்கள்? உரையாடுவோருள் ஒருவரான சாக்ரெடோ இயல்பான ஐயத்தைக் கிளப்புகிறார். வடிவியலில் வட்டமோ முக்கோணமோ பெரிதானாலும் சிறிதானாலும் அதன் பண்புகள் மாறுவதில்லை. பொறியும் வடிவியலின்படி அமைந்ததுதானே? பெரிய பொறி மட்டும் ஏன் வலிமை குன்றவேண்டும்?

ரோட்ஸ் மக்கள் கல்லியாசை நம்பியது இந்த நியாயத்தின் அடிப்படையில்தான். அது மூட நம்பிக்கையன்று. வடிவியலை முழுமையாக நம்பியதன் விளைவு. கலிலியோவின் குரலாகப் பேசும் சால்வியாட்டி இதற்கு விடை தருகிறார். பருப்பொருள் வடிவம் மட்டுமன்று. அதற்கு எடை உண்டு. எடை கனஅளவைத் தொடர்கிறது, முறிவை எதிர்க்கும் வலிமை வெட்டுமுகத்தைத் தொடர்கிறது. குதிரை மூன்று நான்கு முழ உயரத்திலிருந்து விழுந்தால் எலும்பு முறியும்; பூனை எட்டுப் பத்து முழத்திலிருந்து விழுந்தாலும் எழுந்து ஓடும். இருநூறு முழ உயரத்துக்கு ஓர் ஓக் மரம் அதே விகிதத்தில் வளருமானால் தன் கிளைகளையே அதனால் தாங்க முடியாது.

அவர் நூலில் ஓர் எலும்பின் படமும் இருக்கிறது. இயல்பான எலும்பு ஒன்று. அதைப்போல் மும்மடங்கு நீளமுள்ள எலும்பு மற்றொன்று. இரண்டாவது எலும்பு, பெருத்த விலங்கில் அதே பணியைச் செய்யவேண்டுமானால் எவ்வளவு தடித்திருக்கவேண்டும் என்பதைப் படம் காட்டுகிறது. அது முதல் எலும்பின் பெரிய வடிவமாகத் தோன்றவில்லை; வேறொரு விலங்கின் எலும்பாகவே தோன்றுகிறது. எளிய கணக்கில் சொன்னால், உடல் மும்மடங்கு நீண்டால் எடை 27 மடங்கு. அதைத் தாங்க எலும்பின் வெட்டுமுகமும் 27 மடங்காகவேண்டும். அதற்குக் குறுக்களவு ஐந்து மடங்குக்கும் மேல் செல்லவேண்டும். நீளத்தில் மூன்று, தடிப்பில் ஐந்து. பெரிதாக்கினால் வடிவம் மாறியே தீரும். வடிவம் மாறக்கூடாதென்றால் பொருள் மாறவேண்டும். இன்றைய துறைமுகங்களில் நூற்றுக்கணக்கான டன்களைத் தூக்கும் பளுதூக்கிகள் இந்த இரண்டையும் செய்தவை. அவை எஃகாலானவை, அவற்றின் வடிவமும் வேறு. கன விதி பெரிய பொறியைத் தடை செய்வதில்லை. சிறிய பொறியின் அப்படியே பெருத்த நகலைத்தான் தடை செய்கிறது.

ரோட்ஸின் கதை இன்னும் முடியவில்லை. மக்கள் டயோக்னீட்டசிடம் திரும்பினார்கள். அவர் முதலில் மறுத்தார். உயர்குடிப் பெண்களும் இளைஞர்களும் பூசாரிகளோடு வந்து மன்றாடிய பிறகு இசைந்தார். கோபுரம் பிடிபட்டால் அது தமக்கே உரியது என்று நிபந்தனை விதித்தார். அவர் எந்தப் பொறியும் கட்டவில்லை. கோபுரம் வரவிருந்த இடத்தில் மதிலைத் துளைத்து, நகரத்தில் இருந்த நீரையும் சேற்றையும் சாக்கடைக் கழிவையும் இரவெல்லாம் வெளியே ஊற்றச் செய்தார். மறுநாள் நகர்கொள்ளி அந்தச் சேற்றில் அமிழ்ந்து, முன்னும் போக முடியாமல் பின்னும் போக முடியாமல் நின்றது. டிமெட்ரியஸ் கப்பலேறிப் போனான் என்று விட்ரூவியஸ் கதையை முடிக்கிறார்.

அமிழ்த்தியதும் அதே கணக்குத்தான். கோபுரத்தின் எடை மும்மடியாக ஏறியிருந்தது. மண்ணைத் தொடும் சக்கரங்களின் பரப்போ இருமடியாக மட்டுமே ஏறும். நாம் கற்பனை செய்த இரண்டரை அடி மாதிரியோடு ஒப்பிட்டால், தரையின் ஒவ்வொரு விரற்கடையிலும் ஐம்பது மடங்கு அழுத்தம். மாதிரி மிதந்து போயிருக்கக்கூடிய சேற்றில் உண்மைக் கோபுரம் புதைந்துபோகும். கல்லியாஸின் தூக்கியை முறிக்கவிருந்த விதியையே டயோக்னீட்டஸ் பகைவனின் கோபுரத்தின்மேல் ஏவிவிட்டார். அவருக்கு அந்த விதி தெரிந்திருக்கவேண்டும் என்பதில்லை. கனத்த வண்டி சேற்றில் என்னவாகும் என்று தெரிந்திருந்தால் போதும்.

கல்லியாஸ் சொற்பொழிவாற்றிய நாளில் அவையில் ஒருவர் எழுந்து என்ன கேட்டிருக்கலாம்? மாதிரி ஐம்பதில் ஒரு பங்கென்றால், தூக்கியில் ஒரு கிலோ கோபுரத்துக்குப் பதில் ஐம்பது கிலோ எடையைக் கட்டித் தூக்கிக் காட்டும் என்று கேட்டிருக்கலாம். அப்போதுதான் ஒவ்வோர் இழையிலும் உண்மையான இழுவை ஏறும். ஐந்து கிலோ தாங்கும் நூல் அந்த அவையிலேயே அறுந்திருக்கும். டயோக்னீட்டசின் ஊதியமும் தப்பியிருக்கும். ஆனால் அந்தச் சோதனையிலும் ஒரு குறை உண்டு. தொங்கவிட்ட சுமை மட்டுமே ஐம்பது மடங்காகும். தூக்கியின் சொந்த எடை மாதிரியின் எடையாகவே நிற்கும். மண் அணை, கரை, சரிவு போல, சொந்த எடையே சுமையாக இருப்பவற்றின் மாதிரியில் எதைக் கட்டித் தொங்கவிடுவது?

இதற்கும் விடை உண்டு. பொருளின் ஒவ்வொரு துகளையும் ஐம்பது மடங்கு கனக்கச் செய்வது. மும்பையில் ஐ.ஐ.டி. பம்பாயின் மண் பொறியியல் ஆய்வகத்தில் 4.5 மீட்டர் ஆரமுள்ள பெரிய மையவிலக்குப் பொறி ஒன்று இருக்கிறது. அத்தகைய பொறியின் கை முனையில் அணையின் சிறிய மாதிரியை வைத்துச் சுழற்றுவார்கள். மாதிரி ஐம்பதில் ஒரு பங்கென்றால், புவியீர்ப்பைப்போல் ஐம்பது மடங்கு விசை ஏறும்வரை சுழற்றவேண்டும். அரை மீட்டர் ஆழத்தில் உள்ள மண், இருபத்தைந்து மீட்டர் ஆழத்தில் இருப்பதுபோல் அழுந்தும். கரை சரிவதென்றால் அங்கேயே சரியும். அளவைக் குறைத்ததால் இழந்த கனத்தை, சுழற்சியால் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

கல்லியாசிடம் ரோட்ஸ் மக்கள் கேட்கத் தவறிய கேள்வி அங்கே ஒவ்வொரு சோதனையிலும் கேட்கப்படுகிறது. இனி ‘கனமூலம்’ என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம், மேசைமேல் ஒரு கிலோ பொம்மையைத் தூக்கிக் காட்டியவரும், அதைப் பார்த்துக் கைதட்டிய அவையும், ஊதியம் இழந்து வீடு திரும்பிய அந்த மனிதரும் என் நினைவுக்கு வருவார்கள்.